வியாபாரத் தள்ளுபடி, ரொக்கத் தள்ளுபடி: விற்பவர் கணக்கில் எது எங்கே வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டுமே விலையைக் குறைப்பதுதானே? ஒன்றைக் கணக்கில் எழுதுகிறோம், இன்னொன்றை எழுதவே கூடாது என்கிறார்கள். ஏன்?

அந்தக் குறைப்பு எப்போது உறுதியாகிறது என்பதுதான் காரணம். வியாபாரத் தள்ளுபடி பில் போடும் முன்பே முடிவாகிவிடும். கடைக்காரர் நிறைய எடுக்கிறார், நாலைந்து வருடமாக வாங்குகிறார், அல்லது அந்தத் தொழிலில் சில்லறைக்காரருக்கு அப்படித்தான் கொடுப்பார்கள். பட்டியல் விலையிலிருந்து பேசித்தான் உண்மையான விலைக்கு வருகிறோம். பட்டியல் விலைக்கு அவர் வாங்கவும் இல்லை, நீங்கள் விற்கவும் இல்லை. நடக்காத விற்பனைக்குக் கணக்கில் இடமில்லை. அதனால் விற்பனை ஏட்டில் ஏறுவது தள்ளுபடி போன நிகர விலைதான்.

ரொக்கத் தள்ளுபடி அப்படியல்ல. சரக்கு போன அன்று அது வெறும் வாக்குறுதி. "பத்து நாளில் கட்டினால் 2% குறைத்துக்கொள்ளுங்கள்" என்கிறோம். அவர் கட்டலாம், கட்டாமலும் இருக்கலாம். விற்ற அன்று அவர் நமக்கு முழுத் தொகையும் தர வேண்டியவர். பணம் சீக்கிரம் வந்தால்தான் தள்ளுபடி என்ற ஒன்றே பிறக்கிறது. அந்தத் தேதியில் அதைத் தனியாக எழுதுகிறோம்.

ஒரே பில்லை எடுத்து முழுசாகக் காட்டுங்களேன்.

பாரிமுனையில் எலக்ட்ரிக்கல் மொத்த வியாபாரம் செய்பவர், தாம்பரத்தில் இருக்கும் சில்லறைக் கடைக்கு ஜூன் 3 அன்று 50 பெட்டி சுவிட்ச் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரி நீங்கலாகப் பெட்டிக்குப் பட்டியல் விலை ரூ.1,000. வியாபாரத் தள்ளுபடி 20%. பில்லில் அச்சிட்ட விதி: பத்து நாளில் கட்டினால் வரிக்கு முந்தைய மதிப்பில் 2% தள்ளுபடி, இல்லையென்றால் 30 நாளில் முழுத்தொகை.

பட்டியல் விலையில் 50,000. அதில் 20% போக 40,000. இரண்டு கடையும் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருப்பதால் மத்திய ஜிஎஸ்டி 9%, மாநில ஜிஎஸ்டி 9%, ஒவ்வொன்றும் 3,600. பில் மொத்தம் 47,200.

ஜூன் 3 அன்று போடும் பதிவு இதுதான். "ப" என்பது பற்று, "வ" என்பது வரவு.

தாம்பரம் கடை க/கு ப 47,200
விற்பனை க/கு வ 40,000
மத்திய ஜிஎஸ்டி க/கு வ 3,600
மாநில ஜிஎஸ்டி க/கு வ 3,600

10,000 ரூபாய் வியாபாரத் தள்ளுபடி இந்தப் பதிவில் எங்குமே இல்லை. அதற்குக் கணக்கும் கிடையாது, பேரேட்டில் பக்கமும் கிடையாது. பில் தாளில் மட்டும் அது தெரியும்.

ஜூன் 12 அன்று கடைக்காரர் 800 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 46,400 அனுப்புகிறார். பத்து நாள் ஜூன் 13 வரை இருப்பதால் அவருக்கு அது உரிமைதான்.

வங்கி க/கு ப 46,400
அளித்த தள்ளுபடி க/கு ப 800
தாம்பரம் கடை க/கு வ 47,200

அவர் கணக்கு முழுதாக நேராகிவிட்டது. விற்பனை 40,000 ஆகவே நிற்கிறது. 800 ரூபாய் "அளித்த தள்ளுபடி" என்ற பெயரில் இலாப நட்டக் கணக்குக்குப் போகும். ஜூலை 3 அன்றுதான் கட்டியிருந்தால் வங்கி 47,200, கடை 47,200 என்று இரண்டே வரி. அப்போது தள்ளுபடி என்ற பேச்சே இல்லை.

கையால் முப்பத்தி ரொக்க ஏடு எழுதுகிறவர்கள் இந்த 800-ஐ ரசீதுப் பக்கத்தில் தள்ளுபடிப் பத்தியில் போடுவார்கள். அந்தப் பத்தியைக் கூட்டுவதோடு சரி, ரொக்கம் வங்கி மாதிரி இருப்புக் கட்டக் கூடாது. அது கையில் இருக்கும் பணம் இல்லை. மாதக் கூட்டுத்தொகை அளித்த தள்ளுபடிக் கணக்கின் பற்றுப் பக்கம் போகும்.

எங்கள் அக்கவுண்டன்ட் விற்பனை 50,000 என்று எழுதி, 10,000-ஐ தள்ளுபடிச் செலவில் போட்டுவிட்டார். கடைசியில் லாபம் ஒன்றுதானே, மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டும். நிகர லாபம் ஒன்றுதான், ஆனால் அதற்கு மேலே இருப்பது எல்லாம் தப்பாகிவிடும்.

அந்தச் சுவிட்சுகளின் கொள்முதல் அடக்கம் 34,000 என்று கொள்ளுங்கள். சரியாக எழுதினால் மொத்த லாபம் 6,000, அதாவது 15%. அவர் எழுதிய முறையில் மொத்த லாபம் 16,000, அதாவது 32%. கடன் கேட்டு வங்கியில் இந்தக் கணக்கைக் கொடுத்தால், இந்தத் தொழிலில் 32% எப்படி என்று கேட்பார்கள். அதைவிடப் பெரிய தொல்லை, நீங்களே உங்கள் லாப விகிதத்தை நம்பிவிடுவீர்கள். அடுத்த பேரத்தில் இன்னும் 5% குறைத்தாலும் தாங்கும் என்று தோன்றும். உண்மையில் தாங்காது.

ஜிஎஸ்டிஆர்-1-இல் வரிக்குரிய மதிப்பு 40,000, கணக்கில் விற்பனை 50,000 என்று இருப்பதும் வம்பு. வருடக் கடைசியில் இரண்டையும் பொருத்திப் பார்க்கும்போது ஒவ்வொரு பில்லிலும் இடைவெளி வரும். விற்பனை வரவை வைத்து முடிவாகும் தணிக்கை வரம்புகளும் இந்தப் பொய்யான கூடுதலால் உங்களை நெருங்கி வரலாம்.

இப்படி நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. தள்ளுபடிப் பேரேட்டைத் திறந்து தேதிகளைப் பாருங்கள். பதிவுகள் பில் தேதியில் விற்பனை வவுச்சருக்குள் இருந்தால் அது வியாபாரத் தள்ளுபடி, தப்பான இடத்தில் வந்திருக்கிறது. ரசீது வவுச்சருக்குள், பணம் வந்த தேதியில் இருந்தால் அது ரொக்கத் தள்ளுபடி, சரியான இடம். டேலியில் வேலை செய்பவர்கள் பில்லில் தள்ளுபடிக்கென்று இருக்கும் பத்தியைப் பயன்படுத்தினால் விற்பனைப் பேரேட்டில் நிகரமே ஏறும். அதை விட்டுவிட்டு, பில்லின் அடியில் தள்ளுபடிப் பேரேட்டைத் தனி வரியாகச் சேர்ப்பதால்தான் பெரும்பாலும் இந்தக் குழப்பம் வருகிறது.

20%, அதற்கு மேல் 5% என்று கொடுத்தால் மொத்தம் 25%தானே?

இல்லை. 5% என்பது முதல் தள்ளுபடி போன பிறகு மிஞ்சிய தொகை மேல். நம் பில்லில் 50,000-இல் 20% போக 40,000. அதில் 5% 2,000. நிகரம் 38,000, ஆக மொத்தத் தள்ளுபடி 24%. கணக்கில் ஏறுவது 38,000 மட்டுமே.

நிகர விலையையே பில்லில் போட்டுவிட்டால் போதாதா? தள்ளுபடியை ஏன் காட்ட வேண்டும்?

பேசிய விலையே பெட்டிக்கு 800 என்றால் 800 என்று பில் போடுவதில் தவறில்லை. ஆனால் அச்சிட்ட விலைப்பட்டியல் வைத்து வியாபாரம் செய்பவர் என்றால் பட்டியல் விலை, தள்ளுபடி, நிகரம் மூன்றையும் காட்டுவதையே நான் சொல்வேன். சப்ளையின்போதோ அதற்கு முன்போ கொடுத்த தள்ளுபடி பில்லில் முறையாகப் பதிவாகியிருந்தால் அது வரிக்குரிய மதிப்பில் சேராது என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 15(3) பிரிவு சொல்கிறது. பில்லில் காட்டாமல் வாய்மொழியாக விட்ட தள்ளுபடிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

எம்ஆர்பியிலிருந்து தள்ளுபடி கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எம்ஆர்பிக்குள் வரி ஏற்கெனவே இருக்கிறது. எம்ஆர்பி 1,180 உள்ள பெட்டிக்கு 20% போக 944. அதற்குள்ளேயே 18% வரி அடங்கியிருப்பதால் வரிக்குரிய மதிப்பு 800. அந்த 944 மேல் மறுபடியும் 18% சேர்த்து பில் போட்டால் வாடிக்கையாளரிடம் வரிக்கு வரி வாங்கியதாகிவிடும்.

ரொக்கத் தள்ளுபடி கொடுத்த பிறகு ஜிஎஸ்டியையும் குறைத்துக்கொள்ளலாமா? 800 குறைத்தால் 144 வரியும் குறைய வேண்டுமே?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். இரண்டு வழி இருக்கிறது. எதில் போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும், பில்லுக்குப் பில் மாற்றக் கூடாது.

முதல் வழி, வரியைத் தொடாமல் விடுவது. மேலே எழுதிய பதிவு அதுதான். நீங்கள் ஏற்கெனவே 7,200 வரி காட்டிவிட்டீர்கள், அது அப்படியே நிற்கும். 800 ரூபாய்க்கு வரி இல்லாத கிரெடிட் நோட் ஒன்று போட்டு, கடைக்காரர் கணக்கில் வரவு வைத்துவிடுவீர்கள். இதை வணிகக் கிரெடிட் நோட் என்பார்கள். ஜிஎஸ்டி ரிட்டர்னில் இது ஏறாது. வாங்கியவரும் தான் எடுத்த 7,200 உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டியதில்லை. 2025 செப்டம்பரில் மத்திய மறைமுக வரி வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கையும் இதைத் தெளிவாக்கியது. தள்ளுபடிச் செலவு உங்களுக்கு 800, அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, 34-ஆம் பிரிவின்கீழ் வரியோடு கிரெடிட் நோட் போடுவது. அப்போது மதிப்பில் 800, வரியில் 144, மொத்தம் 944 குறையும். கடைக்காரர் 46,256 கட்டுவார். பதிவு இப்படி மாறும்.

வங்கி க/கு ப 46,256
அளித்த தள்ளுபடி க/கு ப 800
மத்திய ஜிஎஸ்டி க/கு ப 72
மாநில ஜிஎஸ்டி க/கு ப 72
தாம்பரம் கடை க/கு வ 47,200

இதற்கு விலை உண்டு. வாங்கியவர் அந்த 144 உள்ளீட்டு வரியைத் திருப்பியாக வேண்டும். அவர் திருப்பவில்லை என்றால் உங்கள் குறைப்பு கேள்விக்குள்ளாகும். கிரெடிட் நோட்டை ரிட்டர்னில் காட்ட, நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்த நாள், எது முந்தியோ அதுவரைதான் காலம். தள்ளுபடி விதி விற்பனைக்கு முன்பே எழுத்தில் இருந்து, கிரெடிட் நோட்டில் எந்த பில்லுக்கு என்று எண் போட்டுக் காட்டினால் பின்னால் பேச்சு வராது.

என் கருத்தைக் கேட்டால், பத்து இருபது வாடிக்கையாளரோடு, பில்லுக்குச் சில நூறு ரூபாய் தள்ளுபடி போகும் கடைக்கு முதல் வழியே நிம்மதி. 144 ரூபாயில் உண்மையான லாபம் யாருக்கும் இல்லை. நீங்கள் குறைத்த வரியை அவர் திருப்புகிறார், அவர் குறைவாகக் கட்டுகிறார், சுற்றி வந்தால் சமம். அதற்காக இரண்டு கடையும் ஒவ்வொரு மாதமும் கிரெடிட் நோட்டைப் பொருத்திப் பார்க்க வேண்டுமா என்று யோசியுங்கள். வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி எடுக்க வழியில்லாதபோது, உதாரணமாக காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடை என்றால், அந்த 144 அவருக்கு உண்மையான பணம். அங்கே இரண்டாவது வழி கேட்பதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

வாடிக்கையாளர் 2%-ஐ பில் மொத்தம் 47,200 மேல் போட்டு 944 பிடித்துவிட்டார். விடலாமா?

பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. "2% தள்ளுபடி" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அவர் மொத்தத்தின் மேல் கணக்குப் போட்டதைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் முதல் வழியில் போகிறவர் என்றால், அந்த 944 முழுவதும் உங்கள் தள்ளுபடிச் செலவாகிவிடும். அரசுக்கு 7,200 கட்டியாயிற்று, அதில் ஒரு பைசா திரும்பாது. 2% கொடுக்க நினைத்தவர் விற்பனை மதிப்பில் 2.36% கொடுத்திருக்கிறார்.

அதனால் "வரிக்கு முந்தைய மதிப்பில்" என்ற வார்த்தைகளை பில் அடியில் போடுங்கள். அச்சடித்த பின்பும் 944 பிடித்தால், 800-ஐ மட்டும் தள்ளுபடியாக எழுதி, 144-ஐ அவர் பெயரில் பாக்கியாக நிறுத்துங்கள்.

கடைக்கே வந்து பணத்தை எண்ணி வைத்துவிட்டு சரக்கு எடுக்கிறார். அவருக்கும் 2% விட்டோம். அது ரொக்கத் தள்ளுபடிதானே, தனியாக எழுதலாமா?

பெயர் அப்படி இருந்தாலும் எழுதும் முறை வேறு. பில் போடும்போதே அந்தத் தள்ளுபடி உறுதியாகிவிட்டது, இனி காத்திருக்க எதுவும் இல்லை. பில்லிலேயே காட்டிவிடுங்கள். 40,000-இல் 800 போக வரிக்குரிய மதிப்பு 39,200, வரி 7,056, மொத்தம் 46,256. விற்பனையில் 39,200 ஏறும். வரியும் முறைப்படியே குறைகிறது, கிரெடிட் நோட்டும் வேண்டாம்.

முன்பு சொன்ன அளவுகோலே இங்கேயும் பொருந்துகிறது. என்ன காரணத்துக்காகக் கொடுத்தோம் என்பதைவிட, பில் போடும் நேரத்தில் உறுதியா இல்லையா என்பதுதான் பதிவைத் தீர்மானிக்கிறது.

இருபதாவது நாள் கட்டிவிட்டு 800-ஐப் பிடித்துக்கொண்டார். பழைய வாடிக்கையாளர், கேட்கவும் சங்கடம். என்ன எழுதுவது?

வந்தது 46,400, அதை மட்டும் வரவு வையுங்கள். 800 அவர் கணக்கில் பாக்கியாக நிற்கட்டும். கணக்கு எழுதுகிறவர் தானாகவே தள்ளுபடியில் தள்ளிப் பாக்கியைச் சுத்தம் செய்யக் கூடாது. அதைச் செய்ய ஆரம்பித்தால் பத்து நாள் விதிக்குப் பொருளே இல்லாமல் போகும், எல்லாரும் இருபத்தைந்தாம் நாள் கட்டி 2% பிடிப்பார்கள்.

உறவு முக்கியம் என்று முதலாளி முடிவெடுத்து விட்டுக்கொடுத்தால் சரி. அவர் சொன்ன பிறகு, அந்தத் தேதியில் தள்ளுபடியாக எழுதுங்கள். விவரத்தில் "கெடு தாண்டியது, அனுமதியுடன்" என்று ஒரு வரி போடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அந்த வரிகளைத் தேடிப் பார்த்தால் யார் யார் விதியை மீறுகிறார்கள் என்று பட்டியலே கிடைத்துவிடும்.

பாதிப் பணம் மட்டும் பத்து நாளுக்குள் வந்தால்?

அந்தப் பாதிக்கு உரிய தள்ளுபடியைக் கொடுப்பது உங்கள் விருப்பம், சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. கொடுப்பதாக இருந்தால் வந்த 23,200-உடன் 400 தள்ளுபடி சேர்த்து 23,600 வரவு வையுங்கள். மீதி 23,600 முழுதாக ஜூலை 3-க்குள் வர வேண்டும்.

செக் ஜூன் 12 கொடுத்தார், தள்ளுபடியும் எழுதியாச்சு. 16-ஆம் தேதி செக் திரும்பிவிட்டது.

இங்கேதான் பலரும் பாதி வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள். வங்கியில் 46,400 போனதை மட்டும் எழுதி, 800-ஐ மறந்துவிடுவார்கள். பணமே வரவில்லை என்றால் தள்ளுபடிக்கு உரிமையும் இல்லை. இரண்டையும் திருப்ப வேண்டும்.

தாம்பரம் கடை க/கு ப 47,200
வங்கி க/கு வ 46,400
அளித்த தள்ளுபடி க/கு வ 800

வங்கி பிடித்த செக் திரும்பிய கட்டணத்தை அவரிடம் வசூலிப்பதாக இருந்தால் அதையும் அவர் பற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஸ்டேட்மென்ட் கேட்கும்போது உங்கள் ஏட்டில் 46,400 பாக்கி, அவர் ஏட்டில் 47,200 பாக்கி என்று 800 வித்தியாசம் வந்தால் இந்தப் பதிவைத்தான் முதலில் தேட வேண்டும்.

பணம் கட்டி முடிந்த பிறகு 5 பெட்டி திரும்பி வந்தது. எந்த விலைக்கு வரவு வைப்பது?

விற்ற விலைக்கு, அதாவது தள்ளுபடி போன 800-க்கு. பட்டியல் விலை 1,000-க்கு வரவு வைத்தால் கடைக்காரர் பெட்டிக்கு 200 ரூபாய் சம்பாதித்துவிடுவார். பழைய பில்லை எடுக்காமல் விலைப்பட்டியலைப் பார்த்துக் கிரெடிட் நோட் போடும் இடங்களில் இந்தத் தப்பு நடக்கும்.

ஐந்து பெட்டிக்கு 4,000, வரி 720, மொத்தம் 4,720. சரக்குத் திரும்பியதால் இங்கே 34-ஆம் பிரிவுக் கிரெடிட் நோட்டே போட வேண்டும், வரியும் குறையும்.

விற்பனைத் திருப்பம் க/கு ப 4,000
மத்திய ஜிஎஸ்டி க/கு ப 360
மாநில ஜிஎஸ்டி க/கு ப 360
தாம்பரம் கடை க/கு வ 4,720

ஆனால் அந்த ஐந்து பெட்டிக்கு அவர் 4,720 கட்டவில்லை. 2% ரொக்கத் தள்ளுபடி 80 ரூபாய் ஏற்கெனவே வாங்கிவிட்டார். அதனால் இன்னொரு பதிவு போட வேண்டும்: தாம்பரம் கடை க/கு ப 80, அளித்த தள்ளுபடி க/கு வ 80. அவருக்கு நாம் தர வேண்டியது 4,640. ஒரு திருப்பத்தில் 80 ரூபாய் சிறிதாகத் தெரியும். திருப்பம் அதிகம் வரும் சரக்கில் இது வருடம் முழுவதும் கசியும்.

மார்ச் 31 அன்று பத்து நாள் கெடு முடியாத பில்கள் இருக்கின்றன. தள்ளுபடி ஏப்ரலில்தான் போகும். இந்த வருடத்தில் எதுவும் எழுத வேண்டாமா?

விற்பனை மார்ச்சில், அதற்கான தள்ளுபடி ஏப்ரலில் என்று விட்டால் இந்த வருட லாபம் கொஞ்சம் ஊதித் தெரியும். அதற்காகத்தான் கடனாளிகள் மீதான தள்ளுபடி ஒதுக்கு. கெடு முடியாத பில்களின் வரிக்கு முந்தைய மதிப்பு 5,00,000, உங்கள் அனுபவத்தில் அதில் 60% பேர் நேரத்துக்குக் கட்டுவார்கள் என்றால் 3,00,000-இல் 2%, அதாவது 6,000. இலாப நட்டக் கணக்கில் பற்று, ஒதுக்குக் கணக்கில் வரவு. ஏப்ரலில் உண்மையாகக் கொடுக்கும் தள்ளுபடியை இந்த ஒதுக்கில் கழிக்கலாம்.

வாராக்கடனையும் ஐயக்கடன் ஒதுக்கையும் முதலில் கழித்துவிட்டு மிஞ்சியதன் மேல்தான் இதைப் போட வேண்டும். பணமே தர மாட்டார் என்று நினைப்பவருக்குச் சீக்கிரம் கட்டியதற்கான தள்ளுபடியை ஒதுக்குவதில் அர்த்தமில்லை.

வருடக் கடைசியில் டர்ன்ஓவர் டிஸ்கவுண்ட் கொடுக்கிறோம். அது எந்த வகை?

பில்லுக்குப் பிறகு கொடுப்பதால் ரொக்கத் தள்ளுபடி போலத் தெரியும், ஆனால் சீக்கிரம் கட்டியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எவ்வளவு வாங்கினார் என்பதற்காகக் கொடுப்பது. கணக்கியல் தரம் 9, விற்பவர் கொடுக்கும் வியாபாரத் தள்ளுபடியையும் இந்த அளவுத் தள்ளுபடியையும் வருவாயைக் கணக்கிடும்போது கழிக்கச் சொல்கிறது. அதனால் அளித்த தள்ளுபடிக் கணக்கில் கலக்காமல், விற்பனையிலிருந்து கழியும் தனிக் கணக்கில் வையுங்கள்.

பட்டியலிட்ட கம்பெனிகளும் நிகர மதிப்பு ரூ.250 கோடியோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகளும் பின்பற்றும் இந்தியக் கணக்கியல் தரம் 115-இல் இன்னும் ஒரு படி உண்டு. அங்கே ரொக்கத் தள்ளுபடியையும் முன்கூட்டியே மதிப்பிட்டு வருவாயிலேயே குறைப்பார்கள், செலவாகக் காட்ட மாட்டார்கள். பாரிமுனைக் கடைகளில் பெரும்பாலோருக்கு அது வராது. அப்படிப்பட்ட ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பார்த்து உங்கள் கணக்கை ஒப்பிடும்போது மட்டும் நினைவில் வையுங்கள்.

பத்து நாளில் கட்டினால் 2% என்பது நமக்குக் கட்டுபடியாகுமா? எல்லாக் கடையிலும் கொடுக்கிறார்கள் என்று நாங்களும் கொடுக்கிறோம்.

800 ரூபாய் கொடுத்து நீங்கள் வாங்குவது 46,400 ரூபாயை 20 நாள் முன்னதாக. பத்தாம் நாள் வருவதற்கும் முப்பதாம் நாள் வருவதற்கும் உள்ள இடைவெளி அதுதான். 46,400-க்கு 800 என்றால் 20 நாளுக்கு சுமார் 1.72%. வருடத்தில் இப்படி 18 முறைக்கு மேல் இருபது நாள் வருவதால் ஆண்டுக்குச் சுமார் 31% வட்டி ஆகிறது. வங்கியில் கேஷ் கிரெடிட் வைத்திருப்பவர் தன் வட்டி விகிதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

அதற்காக நிறுத்திவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. முப்பதாம் நாள் என்று எழுதிவிட்டு எழுபதாம் நாள் கட்டும் வாடிக்கையாளர் 2%-க்காகப் பத்தாம் நாள் கட்டுகிறார் என்றால், நீங்கள் வாங்குவது 60 நாள். அதே 800-க்கு ஆண்டு விகிதம் சுமார் 10.5%-க்கு இறங்கிவிடும், வசூலுக்கு ஆள் அனுப்பும் அலைச்சலும் மிச்சம். எப்போதும் முப்பதாம் நாள் தவறாமல் கட்டுகிறவருக்குக் கொடுக்கும் 2%தான் விலை அதிகம். அளித்த தள்ளுபடிப் பேரேட்டைக் கடைவாரியாகப் பிரித்து, ஒவ்வொருவரும் தள்ளுபடி இல்லாத பில்லை எத்தனையாவது நாள் கட்டினார்கள் என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். யாருக்கு 2%, யாருக்கு 1%, யாருக்கு வேண்டவே வேண்டாம் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். வியாபாரத் தள்ளுபடியை இதில் கலந்து எழுதியிருந்தால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.